'அரை டிக்கெட்' என்று கூப்பிடும் சேர்மாருக்கு

எங்களில் பாதிப்பேர் காலைக்கூட்டத்தில் முதலாவதாக நின்றவர்கள். ஆறாம் தரத்திலிருந்து பதினொராம் தரம் வரைக்கும் தேசியக்கொடியை ரொம்பப் பக்கத்தில இருந்து பார்த்த ஆட்கள். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுறோம். ஆறுதல் சொல்ல எழுதவில்லை. கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுறோம்.

எங்களோட ஒருத்தனின் கதையை எடுத்துக்கொள்வோம். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்று. அவன் அங்கேயே தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் தரம் வரை படித்தான். அங்க அவனை யாரும் கட்டை என்று சொன்னதில்லை. சொல்ல வழியும் இல்லை, பக்கத்தில இருந்தவனும் அதே உயரம்தான். புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டி டவுன் ஸ்கூலுக்குப் போனான். முதல் கிழமையே வகுப்பாசிரியர் பிள்ளைகளை உயர வரிசையில் நிற்க வைத்து, முன்னுக்கு நின்ற இவனைப் பார்த்து, "வாடா அரை டிக்கெட், தோட்டத்தில சோறு போடலையா?" என்றார். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். கெட்ட மனுஷன் இல்லை, அதையும் சொல்லணும். பாசமாகத்தான் கூப்பிட்டாராம்.

அன்றைக்கு வைத்த பேர் ஆறு வருஷம் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் பட்டப்பேர் வைப்பார்கள், அது எங்கேயும் உண்டு. ஆனால் சேர் வாயில வந்த பேருக்கு லைசன்ஸ் கிடைத்துவிடும். பிறகு அந்தப் பிள்ளை யாரிடம் போய் முறைப்பாடு சொல்லும்?

அந்தக் கேள்வியைத் திரும்ப ஒருதரம் வாசிங்க. "தோட்டத்தில சோறு போடலையா?" உயரத்தைப் பற்றிய பகிடி மாதிரித் தெரியும். உண்மையில் அது தோட்டத்தைப் பற்றிய பகிடி. டவுன் ஸ்கூலில் 'கட்டை'யும் 'தோட்டத்தான்'னும் ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்பு.

அதிலும் பெரிய பகிடி என்னவென்றால், அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் இருக்கு. இலங்கையின் 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வைப் பாருங்க. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 வீதம் அளவில். தோட்டத்துறையில் கிட்டத்தட்ட 32 வீதம். அதாவது மூன்றில் ஒரு பிள்ளை. "நம்ம பரம்பரையே கட்டைதான்" என்று எங்க வீடுகளிலேயே சொல்லிக்கொள்கிறோமே, அது எவ்வளவு பிழை என்பதும் இதே ஆய்வில் தெரியும். பத்து வருஷத்துக்கு முந்தி, 2006-07இல், தோட்டத்துறைக் கணக்கு 40 வீதம். பத்து வருஷத்தில் பரம்பரை மாறாது. மாறினது சாப்பாடு, கிளினிக், கக்கூஸ், தண்ணி.

உயரம் குறைவது பெரும்பாலும் வயிற்றில் இருக்கும்போது தொடங்கி இரண்டு வயதுக்குள் நடந்து முடிந்துவிடும். ரத்தசோகையோட மலை ஏறிக் கொழுந்து பறித்த அம்மா, எடை குறைந்து பிறந்த பிள்ளை, அம்மா வேலைக்குத் திரும்பியதும் பால் குறைந்து பிள்ளைமடுவத்தில் கழிந்த பகல், அடிக்கடி வந்த வயிற்றோட்டம். இவ்வளவும் சேர்ந்ததுதான் ஆறாம் தரத்தில் முன்வரிசையில் நிற்கிறது. அப்படி நிற்கிற பிள்ளையைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம்.

இனி வீட்டுக்காரருக்கு. எங்க அம்மா அப்பாமாரிடம் இரண்டு பழக்கம். ஒன்று, டீவியில் உயரமாக்குவதாகச் சொல்லும் மாப்பவுடர் டப்பாவைக் கடனுக்காவது வாங்குவது. ஆறாம் தரத்துப் பிள்ளைக்கு அது இழந்த உயரத்தைத் திருப்பித் தராது. அந்தக் காசுக்கு முட்டை, பருப்பு, நெத்தலி வாங்கலாம். இரண்டாவது, "நல்லாப் படி, அப்ப யாரும் உன் உயரத்தைப் பார்க்க மாட்டாங்க" என்பது. கேட்க நல்லாத்தான் இருக்கும். பிள்ளைக்கு அது எப்படிக் கேட்குது தெரியுமா? உன் உடம்பில் குறை இருக்கு, அதுக்கு மார்க்ஸில் வட்டி கட்டு என்று. மார்க்ஸ் குறைந்த தவணையில் அந்தப் பிள்ளை இரண்டு பக்கமும் தோற்கும்.

அதுக்குப் பதிலாகச் செய்யக்கூடிய உருப்படியான வேலை, அளப்பது. எங்க ஆளை அவன் மாமா அளந்தார். காலையில், செருப்பில்லாமல், குதிகால், பிட்டம், தோள், பின்தலை சுவரில் படும்படி நிற்க வைத்து, நேரே பார்க்கச் சொல்லி, தலையில் ஒரு மட்டை கெட்டியான புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்து, பென்சிலால் கோடு. பின்னேரம் அளந்தால் ஒரு சென்றிமீற்றர் வரைக்கும் குறையலாம், அதனால் எப்பவும் ஒரே நேரம். 10 வயதில் 122. 11 வயதில் 127. உலக சுகாதார அமைப்பின் அட்டவணையில் 11 வயதுப் பையனுக்கு நடுக்கோடு சுமார் 143, கீழ் எல்லை சுமார் 130. எல்லைக்குக் கீழேதான். ஆனால் வருஷத்துக்கு 5 சென்றிமீற்றர் வளர்கிறான், அந்த வயதுக்கு அது சரியான வேகம். அப்படியென்றால் பழைய இழப்பு அது, புது நோய் ஒன்றும் தெரியவில்லை. வருஷத்துக்கு 4க்கும் குறைவாக வளர்ந்தாலோ, முன்னே போன கோட்டை விட்டு இறங்கினாலோ காத்திருக்கக் கூடாது. தைரொயிட், வளர்ச்சி ஹோர்மோன் மாதிரி காரணங்களை வைத்தியர்தான் பார்க்கணும். கிளினிக் கொப்பியைத் தூக்கி எறியாமல் கொண்டு போங்க.

திரும்ப சேர்மாரிடம், டீச்சர்மாரிடம் வாறோம். இங்கிலாந்தின் வெசெக்ஸ் பகுதியில், நோய் எதுவுமில்லாத ஆனால் கட்டையான பிள்ளைகளைப் பாடசாலை தொடங்கிய வயதிலிருந்து பல வருஷம் பின்தொடர்ந்தார்கள். 1997இல் வெளிவந்த முடிவில், தன்மதிப்பில் அவர்கள் மற்றப் பிள்ளைகளை விடப் பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. பல விடயங்களில் உயரத்தை விடக் குடும்பத்தின் வர்க்கம்தான் வித்தியாசம் காட்டியது. ஆனால் 2000இல் அதே பிள்ளைகளிடம் கேட்டபோது, கேலிக்கும் தொல்லைக்கும் ஆளானதாகச் சொன்னவர்கள் கட்டையானவர்களில் கூட. இங்கிலாந்துப் பிள்ளை வேற, எங்க பிள்ளை வேறதான். ஆனாலும் உயரம் தன்னால நம்பிக்கையை உடைக்கும் என்று நம்பிக்கொண்டு 'தன்னம்பிக்கைப் பயிற்சிப்பட்டறை' வைக்கிறவர்கள் இதை யோசிக்கணும். பட்டறைக்கு அனுப்ப வேண்டியது சிரிக்கிறவர்களை.

இன்னொன்று, யாரும் கேலியென்று எண்ணாதது. கட்டையான பிள்ளையை வயதுக்குக் குறைவாக நடத்துவது. எங்க ஆளுக்கு 13 வயதிலும் நாடகத்தில் குழந்தை வேஷம். பார்க்க 'பெர்சனாலிட்டி' இல்லையென்று மாணவத் தலைவர் பட்டியலில் பேர் இல்லை. கன்னத்தைக் கிள்ளுவார்கள், தூக்கிப் பார்ப்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே கோமாளியானான், வேறென்ன செய்வான்? 13 வயதுப் பிள்ளைக்கு 13 வயதுக்குரிய வேலையைக் கொடுங்க. வரிசையை உயரத்தால் இல்லாமல் இடாப்பு ஒழுங்கில் நிறுத்துங்க. நிலத்தில் கால் எட்டாத கதிரைக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு போடுங்க.

பேர் சொல்லிக் கூப்பிடுகிறவனை அந்த இடத்திலேயே, ஒரு வசனத்தில் நிறுத்துங்க: "இந்த வகுப்பில அந்தப் பேர் இல்ல." அவ்வளவு போதும். கேலிக்கு ஆளானவனை எழுப்பி நிற்க வைத்து அவனைப் பற்றி வகுப்புக்குப் பிரசங்கம் பண்ணுவது இரண்டாவது தண்டனை. அவனிடம் பிறகு தனியாகக் கேளுங்க, யார், எங்க, எத்தனை நாளாக என்று. பெரும்பாலும் பஸ்ஸிலும் டொய்லெட் பக்கமும்தான் நடக்கும், வகுப்பில் இல்லை.

அவன் பிந்தித்தான் வளர்ந்தான். பத்தாம் தரத்துக்குப் பிறகு ஒரேயடியாக. இப்ப 161, எங்களோட கம்பஸில் இருக்கான். போன லீவுக்கு ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் அந்த சேரைக் கண்டோம். நல்லாத்தான் விசாரித்தார், என்ன பாடம் செய்றாய் என்று. அவனோட உண்மையான பேர் அவருக்கு ஞாபகம் வரவில்லை.