ரொக்கமாகக் கொடுத்த மருந்துச் செலவு

ஜூலை மாதம் நெருங்கிவிட்டால் தியாகராய நகரில் உள்ள என் அலுவலகத்துக்குப் பழைய பிஸ்கட் டப்பாக்களும் துணிப்பைகளும் வரத் தொடங்கிவிடும். அவற்றுக்குள் வயதான பெற்றோரின் ஓராண்டு வாழ்க்கை இருக்கும்: மருந்துக்கடை ரசீதுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், மருத்துவரின் கையெழுத்துச் சீட்டுகள். வரி ஆலோசகனாக நான் முதலில் கேட்கும் கேள்வி நோயைப் பற்றியதல்ல. "இந்தப் பணத்தை யார், எப்படிக் கொடுத்தார்கள்?" என்பதுதான்.

சென்ற ஆண்டு அடையாறில் வசிக்கும் ஒருவர் அப்படியொரு டப்பாவுடன் வந்தார். அவருடைய தந்தைக்கு 81 வயது, தாய்க்கு 76. இருவரும் மயிலாப்பூரில், பல ஆண்டுகளாக இருக்கும் அதே வீட்டில் தனியே வசிக்கிறார்கள். தந்தைக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. அதன் பிறகு அவருக்குக் காப்பீடு கொடுக்க எந்த நிறுவனமும் முன்வரவில்லை. தாயின் பாலிசியோ பிரீமியம் ஏறிக்கொண்டே போனதால் சில ஆண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்டது. ஆக, இருவருக்கும் காப்பீடு இல்லை. மாத்திரைகளுக்கு மட்டும் மாதம் 4,500 ரூபாய் ஆகிறது.

இத்தகைய குடும்பங்களை நினைத்துத்தான் வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவில் ஒரு சலுகை சேர்க்கப்பட்டது. 2015-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், காப்பீடு இல்லாத 80 வயது கடந்தவர்களின் மருத்துவச் செலவுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு தந்தது. 2018-இல் அது 60 வயது நிறைந்த அனைவருக்கும் விரிவடைந்தது. உச்சவரம்பும் 50,000 ரூபாயாக உயர்ந்தது. மருத்துவமனையில் தங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மருத்துவர் கட்டணம், பரிசோதனை, மருந்து எல்லாம் இதில் அடங்கும். பெற்றோர் பிள்ளைகளைச் சார்ந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஓய்வூதியம் வாங்கும் தந்தைக்காகவும் மகன் இக்கழிவைக் கோரலாம். பெற்றோர் இந்தியாவில் வசிப்பவர்களாகவும், அந்த நிதியாண்டுக்குள் 60 வயதை எட்டியவர்களாகவும் இருந்தால் போதும். மாமனார், மாமியாருக்காகச் செய்யும் செலவுக்கு இது பொருந்தாது.

அடையாறு அன்பரின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஓராண்டு மருந்துக்கு 54,000 ரூபாய். மருத்துவர்களுக்கு 6,400. பரிசோதனைக் கூடத்துக்கு 11,600. மொத்தம் 72,000 ரூபாய். இவை போக, தாய்க்குச் செய்த முழு உடல் பரிசோதனைக்கு 3,500 ரூபாய். உச்சவரம்பான 50,000 ரூபாயையும் தாராளமாகத் தொட்டுவிடும் தொகை. அவர் 30 சதவீத வரி அடுக்கில், பழைய வரி முறையில் இருப்பவர். ஆகவே கூடுதல் தீர்வையையும் சேர்த்து 15,600 ரூபாய் மிச்சமாகும் என்று நம்பி வந்திருந்தார்.

ஆனால், மாதாமாதம் மருந்து வாங்கியது அவருடைய தந்தை. மகன் கொண்டுவந்து தரும் நோட்டுகளை எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்குக் காலையில் நடந்துபோய் வாங்கிவருவது அவருடைய வழக்கம். கைப்பேசியில் பணம் அனுப்ப அவருக்குப் பயம். மோசடிச் செய்திகளை நாளும் படிப்பவர். மருத்துவரின் கட்டணமும் ரொக்கம்தான். பரிசோதனைக் கூடத்துக்கு மட்டும் மகன் தன் கைப்பேசியிலிருந்து யுபிஐ மூலம் செலுத்தியிருந்தார்.

80டி பிரிவில் ரொக்கத்துக்கு இடமில்லை. காப்பீட்டுப் பிரீமியமாயினும் மருத்துவச் செலவாயினும் காசோலை, அட்டை, யுபிஐ, வங்கிப் பரிமாற்றம் போன்ற ரொக்கமல்லாத வழியிலேயே செலுத்தியிருக்க வேண்டும். வீட்டுக்கே வரும் முகவரிடம் ரொக்கமாகக் கொடுத்த பிரீமியத்துக்கு, நிறுவனம் முறையான ரசீது தந்திருந்தாலும் கழிவு கிடையாது. ஒரேயொரு விதிவிலக்கு, நோய்த்தடுப்பு உடல் பரிசோதனை. அதற்கு 5,000 ரூபாய் வரை ரொக்கமும் ஏற்கப்படும். அந்தத் தொகையும் 50,000 வரம்புக்குள்ளேயே அடங்கும்.

எனவே, அவருக்குக் கிடைத்தது பரிசோதனைக் கூடத்தின் 11,600 ரூபாயும் உடல் பரிசோதனையின் 3,500 ரூபாயும்தான். மொத்தம் 15,100 ரூபாய். பயன்படுத்த முடியாமல் போன வரம்பு 34,900 ரூபாய். வரியாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 10,890 ரூபாய், அதாவது அந்த இருவருக்கும் இரண்டு மாதங்களுக்கு மேல் மருந்து வாங்கும் பணம். "ரசீது எல்லாம் இருக்கிறதே சார், நான் கொடுத்தது பணமில்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. எனக்குத்தான் அதைச் சொல்லச் சங்கடமாக இருந்தது.

"அப்படியானால் மாதம் பத்தாயிரத்தை அப்பாவின் கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன். அவர் அட்டையில் வாங்கட்டும்" என்றார். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கழிவு கோருபவர், வரிக்குட்பட்ட தம் வருமானத்திலிருந்து செலுத்தியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். தந்தையின் கணக்கில் மகன் அனுப்பிய பணமும் ஓய்வூதியமும் கலந்துவிட்டால், கடைக்குப் போனது யாருடைய பணம் என்ற கேள்விக்கு ஆவணத்தால் பதில் சொல்ல முடியாது. மகனின் கணக்கிலிருந்து மருந்துக்கடைக்கு நேராகச் செல்லும் பணத்துக்கு அத்தகைய ஐயமே எழாது. தந்தைக்கே வரிக்குட்பட்ட வருமானம் இருந்து, அவர் பழைய வரி முறையில் இருந்தால், தம் கணக்கிலிருந்து தமக்கும் மனைவிக்கும் செலுத்தியதை அவரே தம் கணக்குத் தாக்கலில் கோரலாம். அவருக்கென்று 50,000 ரூபாய் வரம்பு தனியே இருக்கிறது.

இவருக்கு மாம்பலத்தில் ஒரு தங்கை உண்டு. அவரும் சம்பளம் பெறுபவர். பெற்றோருக்கான வரம்பு பெற்றோரின் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல, வரி செலுத்துபவர் ஒவ்வொருவருக்கும் உரியது. மணமான மகளும் தம் பெற்றோருக்காகக் கோரலாம். தந்தையின் மருந்துக்கு அண்ணனும் தாயின் மருந்துக்குத் தங்கையும் தத்தம் கணக்கிலிருந்து செலுத்தினால், 72,000 ரூபாய் முழுவதற்கும் இருவரும் பிரித்துக் கழிவு பெறலாம். ஒரே ரசீதை இருவரும் காட்டுவதுதான் தவறு.

இந்த ஆண்டு அவர்கள் செய்திருப்பது எளிய ஏற்பாடு. மருந்துக்கடைக்காரர் மாதக் கணக்கு எழுதி, மாத இறுதியில் நோயாளியின் பெயரில் ரசீது போட்டு மகனின் கைப்பேசிக்கு அனுப்புகிறார். மகன் யுபிஐ மூலம் செலுத்துகிறார். தந்தை இன்னமும் காலையில் நடந்துபோய்த்தான் மருந்து வாங்குகிறார். கையில் நோட்டு மட்டும் இல்லை. மார்ச் மாதக் கணக்கை 31-ஆம் தேதிக்குள் தீர்த்துவிடும்படி சொல்லியிருக்கிறேன். ஏனெனில், மருந்து வாங்கிய நாளல்ல, பணம் செலுத்திய நாளே எந்த நிதியாண்டு என்பதைத் தீர்மானிக்கிறது. ரசீதையும் மருத்துவர் சீட்டையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் தாக்கலுடன் இணைக்க வேண்டியதில்லை. துறை கேட்டால் காட்ட, பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ரொக்க நிபந்தனையை இப்படி ஒழுங்கால் வென்றுவிடலாம். ஆனால், வெல்ல முடியாத இன்னொரு நிபந்தனை இருக்கிறது. மருத்துவச் செலவுக்கான கழிவு, காப்பீட்டுக்காக எந்தத் தொகையும் செலுத்தப்படாத பெற்றோருக்கு மட்டுமே. இந்த விதி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பொருந்தும்; தாய்க்குப் பிரீமியமும், காப்பீடில்லாத தந்தைக்கு மருத்துவச் செலவும் சேர்த்து 50,000 வரை கோரலாம். ஆனால், தாய்க்குப் பிரீமியம் செலுத்திய ஆண்டில், அதே தாயின் மருந்துச் செலவில் ஒரு ரூபாய்கூடக் கோர முடியாது.

நடைமுறையில் இது என்ன செய்கிறது என்று பாருங்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் நிறுவனங்கள் பாலிசி வழங்கக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் வழி திறந்தது. அதை நம்பி ஒரு மகள் நீரிழிவு நோயுள்ள தாய்க்கு 24,000 ரூபாய் பிரீமியத்தில் பாலிசி எடுக்கிறார். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். அதன் பிறகும் அன்றாட மாத்திரையையும் மருத்துவர் கட்டணத்தையும் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை. அந்தச் செலவு ஆண்டுக்கு 40,000 ரூபாய். காப்பீடு எடுத்த மகளுக்குக் கிடைப்பது 24,000 ரூபாய் கழிவு. காப்பீடே எடுக்காமல் இருந்திருந்தால் 40,000 ரூபாய். பொறுப்பாக நடந்தவரைவிட நடக்காதவருக்குச் சட்டம் அதிகம் தருகிறது.

காப்பீடு என்றால் எல்லாச் செலவும் அடங்கிவிடும் என்ற கற்பனையிலிருந்து இந்த விதி பிறந்திருக்கிறது. முதியவர்களின் பாலிசி அப்படி இருப்பதில்லை. காத்திருப்புக் காலம், நோயாளியே ஏற்க வேண்டிய பங்கு, அறை வாடகை வரம்பு என்று எல்லா ஓரங்களிலும் செலவு வழிகிறது. காப்பீட்டு நிறுவனம் திருப்பித் தராத தொகையை மட்டும், அதே 50,000 ரூபாய் வரம்புக்குள், பிரீமியத்தோடு சேர்த்துக் கோர அனுமதித்தால் போதும். ஒருவர் பெறக்கூடிய உச்சக் கழிவு ஒரு ரூபாயும் கூடாது. ரசீதும் வங்கிச் சான்றும் இருப்பதால் ஏமாற்றவும் இடமில்லை. ரொக்கத்துக்கு ஏற்கெனவே தந்திருக்கும் 5,000 ரூபாய் விதிவிலக்கை முதியோரின் மருந்துக்கும் நீட்டிப்பது பற்றியும் யோசிக்கலாம்.

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை, 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் எடுத்துக்கொண்டிருக்கிறது. 80டி-க்குப் பதிலாக இனி 126-ஆவது பிரிவு. மொழி எளிதாகியிருக்கிறது, நிபந்தனைகள் அப்படியே தொடர்கின்றன. 2023-24 முதல் இயல்பானதாக ஆக்கப்பட்ட புதிய வரி முறையில் இந்தக் கழிவே கிடையாது என்பதால், பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டுமே இது பயன்படும். அவ்வாறு தேர்ந்தெடுப்பவர்களில் கணிசமானோர், வீட்டில் வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்பவர்களே என்பதை என் மேசைக்கு வரும் டப்பாக்கள் சொல்கின்றன. அவர்களுக்காகவாவது, அடுத்த நிதிநிலை அறிக்கையில் "காப்பீடு அல்லது செலவு" என்பதை "காப்பீடும் செலவும்" என்று மாற்றினால் நல்லது.