இறந்தவரின் வேலையை யார் சுமப்பது?

உடன் வேலை பார்த்த ஒருவர் திடீரென இறந்துவிட்டால் நம் அலுவலகங்கள் செய்வதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகக் கைகூப்புகிறார்கள். ஒரு மாலை வாங்குகிறார்கள். இரண்டு நிமிடம் எழுந்து நிற்கிறார்கள். அன்று பிற்பகலே அவர் பார்த்துவந்த வேலை, நேற்றுவரை அவரோடு டீ குடித்தவர்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. பிரித்துத் தருபவர் கெட்ட மனிதராக இருக்க வேண்டியதில்லை. அவருக்கும் மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்திருக்கும்.

2024 ஜூலையில் புனேயில் ஒரு பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனத்தின் இளம் ஊழியர் இறந்தபோது, இறுதிச் சடங்குக்கு அலுவலகத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்று அவருடைய தாய் எழுதிய கடிதம் நாட்டையே உலுக்கியது. வராததற்கு நிறுவனத்தின் தலைவர் வருத்தம் தெரிவித்தார். அன்று நடந்த விவாதம் பணிச்சுமையைப் பற்றியது. அது நடந்திருக்க வேண்டிய விவாதம்தான். அந்த அலுவலகத்தில் அவருக்குப் பக்கத்து இருக்கைகளில் இருந்தவர்கள் மறுநாள் என்ன செய்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. குடும்பத்துக்கு இருக்கும் துக்க உரிமை சக ஊழியருக்கு இல்லை என்பது நம் எல்லோரின் பேசாத முடிவு. சமூகம் இப்படி ஏற்றுக்கொள்ள மறுக்கும் துயரத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-லேயே ஒரு நூல் கொண்டுவந்தார். நம் விடுப்பு விதிகளில் அதற்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

இது உணர்ச்சி பற்றிய விஷயம் என்று ஒதுக்குபவர்களுக்காக ஒரு கிளை அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். தாலுகா ஊர் ஒன்றில் ஆறு பேர் வேலை பார்க்கும் வங்கிக் கிளை. கிளை கற்பனை, நடைமுறைகள் நிஜம். நகைக்கடன் பார்க்கும் அதிகாரி ஞாயிறு இரவு மாரடைப்பில் இறந்துவிடுகிறார். திங்கள் காலை ஒன்பது மணிக்கு முதல் பிரச்சினை தொடங்குகிறது. பெட்டகத்தைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். இருவர் பொறுப்பில் அவை இருக்கும். ஒன்று இறந்தவரிடம் இருந்தது. அதை வாங்க யாராவது அவர் வீட்டுக்குப் போக வேண்டும். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த மனைவியிடமோ மகனிடமோ சாவிக்கொத்து எங்கே என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் இதற்கு அனுப்பப்படுபவர் இறந்தவருக்கு மிக நெருக்கமானவர். வீடு தெரியும் என்பதுதான் காரணம்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. பெட்டகச் சாவியின் நகல் வேறொரு கிளையில் பாதுகாப்பில் வைக்கப்பட்டிருக்கும். மண்டல அலுவலகம் அனுமதித்தால் அதை எடுத்துவந்து பெட்டகத்தைத் திறக்கலாம். புதிய பொறுப்பாளர் பணத்தையும் நகைப் பொட்டலங்களையும் பதிவேட்டோடு ஒப்பிட்டு எண்ணிக் கையெழுத்திட வேண்டும். அரை நாள் பிடிக்கும் வேலை. அந்த அரை நாளைக் காப்பாற்றத்தான் ஒரு மனிதரைச் சாவு வீட்டுக்குச் சாவி கேட்க அனுப்புகிறார்கள். வீட்டிலுள்ள சாவியை ஒருநாள் வாங்கத்தான் வேண்டும். அதைக் காரியம் முடிந்த பிறகு, வேறு கிளையிலிருந்து வரும் ஒருவர் வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது கவுன்டர். ‘சார் எங்கே, லீவா?’ என்று முதல் வாடிக்கையாளர் கேட்பார். சொன்னதும் அவர் அதிர்ந்துபோய், ‘எப்படி? என்ன வயசு? எத்தனை பிள்ளைங்க?’ என்று வரிசையாகக் கேட்பார். அவருடைய அக்கறை உண்மையானது. ஆனால் அவருக்குப் பின்னால் நிற்பவரும் அதையே கேட்பார். நகை மீட்க வந்த பாட்டி கேட்பார், பால் சொசைட்டிக்காரர் கேட்பார். அன்று முழுக்க அந்த ஊழியர் ஒரே சாவை ஒவ்வொருவரிடமும் முதல்முறை சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருக்கிறார், இடையிடையே ரூபாய் நோட்டை எண்ணியபடி. நம் ஊரில் இதற்கு வழி தெரியாதா என்ன? தெருமுனையில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி துக்கத்தைச் சொல்வதோடு, அந்த வீட்டாரைப் பதில் சொல்லும் வேலையிலிருந்தும் காப்பாற்றுகிறது. கிளையின் வாசலில் படத்தோடு ஓர் அறிவிப்பு, யார் இப்போது நகைக்கடன் பார்க்கிறார் என்ற ஒரு வரியோடு, காலை பத்து மணிக்குள் ஒட்டப்பட்டிருந்தால் பாதிக் கேள்விகள் எழாது. செலவு நூறு ரூபாய்கூட ஆகாது.

நோட்டு எண்ணுவதைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. துக்கத்தில் இருப்பவருக்குக் கவனம் சிதறும். இரவு தூக்கம் இல்லாதவருக்கு இன்னும் அதிகமாக. காசாளரின் கணக்கில் மாலையில் பணம் குறைந்தால் அதைக் காசாளர்தான் கையிலிருந்து கட்டுகிறார். நண்பனை இழந்த வாரத்தில் ஐயாயிரம் ரூபாயையும் இழந்து, போதாக்குறைக்கு விளக்கக் கடிதமும் எழுதுவார். வங்கியில் ஒருவர் பதிவு செய்வதை இன்னொருவர் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும் என்ற ஏற்பாடே தவறைத் தடுக்கத்தான். ஓர் அதிகாரி குறைந்த கிளையில், மிச்சமிருக்கும் அதிகாரி வந்ததையெல்லாம் பார்க்காமலே அனுமதிக்கத் தொடங்குகிறார். மோசடியோ பெரிய பிழையோ நுழைவதற்கு இதைவிட நல்ல வாரம் கிடைக்காது. வாடிக்கையாளர் சேவையைக் காரணம் காட்டி வழக்கம்போல் நடத்தச் சொல்லும் நிர்வாகம், இந்த ஆபத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

இன்னொன்று, வெளியில் அதிகம் தெரியாதது. இறந்தவரின் சம்பளக் கணக்கு பெரும்பாலும் அதே கிளையில்தான் இருக்கும், வீட்டுக் கடனும்தான். கணினியில் அந்தக் கணக்கைத் திறந்து, கணக்குதாரர் இறந்துவிட்டார் என்று குறியிட்டு, பணம் எடுப்பதை நிறுத்த வேண்டும். அதைச் செய்வது சக ஊழியரின் விரல். பிறகு அந்தக் குடும்பம் வாரிசுச் சான்றிதழோடு வரும்போது, அண்ணி என்று கூப்பிட்டுப் பழகிய பெண்ணிடம் இன்னும் ஒரு நகல் வேண்டும், இன்னும் ஒரு கையெழுத்து வேண்டும் என்று அதே ஊழியர் சொல்ல வேண்டும். உரிய தாள்கள் வந்து 15 நாளுக்குள் இறந்தவர் கணக்கின் உரிமைக் கோரிக்கையை முடிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எல்லா வாடிக்கையாளர்களுக்காகவும் விதித்திருக்கிறது. சொந்த ஊழியரின் குடும்பத்துக்குப் பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், குடும்ப ஓய்வூதியம் என்று தனித்தனி மேசைகள். பணியில் இருக்கும்போதே இறந்தவருக்கு ஐந்தாண்டு சேவை நிறைவடையாவிட்டாலும் பணிக்கொடை உண்டு. கிளையில் பலருக்கு இது தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இந்த வேலை மண்டல அலுவலகத்தில் பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அவருடைய எண் முதல் நாளே குடும்பத்துக்குப் போய்ச்சேர வேண்டும்.

ஆக, நாம் கேட்பது ஒன்றுதான். இறந்தவரின் வேலைச்சுமை நிர்வாகத்தின் சுமை. துக்கத்தில் இருக்கும் குழுவின் சுமை அல்ல. நம் ஊரில் அடக்கமோ தகனமோ பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும் என்பதால், காலை ஒன்பது மணிக்கே மண்டல மேலாளர் முடிவெடுக்கும் அதிகாரம் பெற்றிருக்க வேண்டும். பக்கத்துக் கிளைகளிலிருந்து இருவரை அன்றே அனுப்பி, கிளை ஊழியர் அனைவரையும் முறைவைத்து இறுதி ஊர்வலத்துக்கு விட வேண்டும். அதற்கு சி.எல். எழுதித் தரச் சொல்வது அசிங்கம். அது பணி நேரமாகவே கருதப்பட வேண்டும். வந்தவர்களில் ஒருவர் பதினாறாம் நாள் காரியம்வரை அங்கேயே இருக்கட்டும், காசாளர் இருக்கையில் முதல் வாரம் அவரே உட்காரட்டும். இறந்தவர் பேரில் இருந்த காப்பீட்டு விற்பனை, வாராக்கடன் வசூல் இலக்குகளை அந்தக் காலாண்டுக்குக் கிளையின் கணக்கிலிருந்தே கழித்துவிட வேண்டும்; ஐந்து பேருக்குப் பங்கிடக் கூடாது.

ஆள் பற்றாக்குறையில் இதெல்லாம் நடக்குமா என்பார்கள். தணிக்கை என்றால் ஆள் வருகிறது, கடன் மேளா என்றால் ஆள் வருகிறது, தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் வருகிறார் என்றால் நாலு கிளையிலிருந்து ஆள் வருகிறது.

வேலையே மருந்து, சும்மா உட்கார வைப்பதுதான் கொடுமை என்ற வாதம் இதைவிடக் கனமானது. பலருக்கு அது உண்மை. வீட்டில் தனியாக இருப்பதைவிட அலுவலகத்தில், அவரைத் தெரிந்தவர்கள் நடுவில் இருப்பதையே விரும்புவார்கள். அதனால்தான் நாம் கட்டாய விடுமுறை கேட்கவில்லை. வழக்கமான வேலையை, வழக்கமான அளவில் செய்ய விடுங்கள் என்கிறோம். போனவரின் வேலையும் சேர்ந்தால் அது மருந்தாக இருப்பதில்லை.

சில பெரிய நிறுவனங்கள் இதன் எதிர்முனைக்குப் போகின்றன. சாவு நடந்த மறுநாளே ஒரு மனநல ஆலோசகரை வரவழைத்து, எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, மனதில் உள்ளதைச் சொல்லச் சொல்கிறார்கள். தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக 1980-களில் அமெரிக்காவில் உருவான முறை இது. அதிர்ச்சிக்கு ஆளானவர்களை ஒரே அமர்வில் இப்படிப் பேசவைப்பது பிற்கால மனநோயைத் தடுப்பதில்லை என்றும், சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்றும் பின்னர் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கண்டது; பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அதைத் தவிர்க்கச் சொல்கிறது. முந்தின நாள் அவரோடு சண்டை போட்டவர் அந்த வட்டத்தில் என்ன சொல்வார்? ஆலோசகரின் எண் இருக்கட்டும். விரும்புபவர் தனியாகப் போகட்டும். இரண்டு மூன்று வாரம் கழிந்தும் தூக்கம் வராதவர், வேலைக்கு வரவே பயப்படுபவர், குடி கூடியவர் இருந்தால் மேலாளர் தனியே அழைத்துப் பேச வேண்டிய நேரம் அதுதான். முதல் நாள் அல்ல.

சாவு தற்கொலையாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். எப்படி, ஏன் என்ற ஊகங்கள் டீக்கடை வரை போகும் முன், குடும்பம் சொல்ல ஒப்புக்கொண்டதை மட்டும் மேலாளர் நேரில் சொல்ல வேண்டும். நெருங்கிப் பழகியவர்களை, தன்னால் தடுத்திருக்க முடியும் என்று தன்னைத் தின்றுகொண்டிருப்பவர்களைத் தனியாக விடக் கூடாது. அரசின் டெலி மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். வேலை நெருக்கடிதான் காரணம் என்ற புகார் எழுந்தால் விசாரணையை அந்தக் கிளைக்கு வெளியே உள்ளவர்கள் நடத்த வேண்டும். ஆறுதல் சொல்ல வந்தவரே வாக்குமூலமும் வாங்கக் கூடாது.

வங்கி ஊழியர் சங்கங்களுக்கும் இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் இடையிலான நடப்பு ஒப்பந்தம் 2024 மார்ச் 8 அன்று கையெழுத்தானது. 2027 அக்டோபருடன் அதன் காலம் முடிகிறது. சம்பள விகிதமும் ஐந்து நாள் வாரமும் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் முதலில் நிற்கும், நிற்கட்டும். மாற்று ஆள், இறுதிச் சடங்குக்குப் பணி நேரம், இலக்குக் கழிவு என்ற இந்த மூன்றையும் சங்கங்கள் அதே பட்டியலில் எழுதித் தர வேண்டும். நகல் சாவி பற்றிய சுற்றறிக்கைக்கு 2027 வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதை எந்த வங்கியின் தலைமை அலுவலகமும் இந்த வாரமே அனுப்பலாம்.