‘போறன்’ என்றவர் யார்?

ஒரு மொழியைப் பாடநூலினாலும் அதனோடு வரும் ஒலிப்பதிவினாலும் பயின்றவர், அம்மொழி பேசப்படும் ஊருக்கு முதன்முறையாகச் செல்லும்போது திகைப்பது வழக்கம். ‘இவர்கள் விரைவாகப் பேசுகிறார்கள்’ என்பார். ‘சொற்களை விழுங்கிவிடுகிறார்கள்’ என்பார். ஆனால் நிதானமாக ஆராய்ந்தால், இவ்விரண்டும் முழு உண்மையல்ல என்பது புலப்படும். ஊரார் எதையும் விழுங்கவில்லை. பொருளைப் பிரித்துக் காட்டும் ஒலி, நாம் பாடத்தில் எதிர்பார்த்த இடத்தில் இல்லாமல் வேறோர் இடத்தில் இருக்கின்றது. அந்த இடத்தை அறிந்துகொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. இதனை மட்டக்களப்பின் வட எல்லையிலுள்ள கதிரவெளியைக் கொண்டு விளக்க விரும்புகிறோம்.

வாகரைக்கு வடக்கே கடலோரமாக அமைந்தது கதிரவெளி. அதற்கும் வடக்கே மகாவலியின் கிளையாகிய வெருகல் ஆறு. ஆற்றைக் கடந்தால் திருகோணமலை மாவட்டம். உழவரும் மீனவரும், தமிழையே தாய்மொழியாகப் பேசும் கரையோர வேடர் குடியினரும் இப்பகுதியில் வாழ்கின்றனர். இங்கே பணிபுரிய வரும் தாதியர், ஆசிரியர், எழுதுவினைஞர் ஆகியோருள் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்றவர்கள் உண்டு. மலைநாட்டிலும் கொழும்பிலும் வளர்ந்த தமிழரும் உண்டு. விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் உண்டு. இவர்கள் எல்லாருடைய செவியும் வானொலித் தமிழுக்கோ, திரைப்படத் தமிழுக்கோ பழகிய செவியாகும்.

ஒரு கற்பனைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஊர் மருந்தகத்துக்கு ஒரு மூதாட்டி வருகிறாள். புதிதாக வந்த தாதியிடம் அவள் சொல்கிறாள்:

“நேற்றைக்கு மருந்து குடிக்க அயத்துப் போச்சு மனே. இண்டைக்கு நடக்க ஒண்ணா. மகன் வெருகலுக்குப் போயித்தான். நாளைக்கு மறுகா வாறன்.”

நான்கே வாக்கியங்கள். இவற்றைத் தாதி தவறாகக் கேட்டால் என்ன நேரும்? ‘அயத்து’ என்பதை ‘அயர்ந்து’ என்று கொண்டால், மருந்து குடித்ததும் களைப்பு வந்ததென்று எழுதிவிடுவாள். உண்மையில் மருந்தே உள்ளே போகவில்லை. ‘ஒண்ணா’ என்பதைத் திரைப்படத்தில் கேட்ட ‘ஒன்றாக’ என்று கொண்டால், நடக்க முடியாமையைச் சொன்ன வாக்கியம் யாரோ சேர்ந்து நடப்பதைப் பற்றியதாகிவிடும். ‘வாறன்’ என்பதை ‘வாறான்’ என்று கேட்டால், நாளைக்கு மகன் வருவானென்று காத்திருப்பாள், வரப்போகிறவளோ மூதாட்டி. இந்தச் சிறு பேச்சில் ஒரு நோயாளியின் மருந்தளவே தங்கியிருக்கின்றது. ஆதலின் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ‘வாறன்’. பாடநூலில் ‘வருகிறேன்’ என்பதும் சென்னைப் பேச்சில் ‘வர்றேன்’ என்பதும் இங்கே ‘வாறன்’ ஆகும். ‘போகிறேன்’ என்பது ‘போறன்’. ‘போய்விட்டேன்’ என்பது ‘போயித்தன்’. தன்மை ஒருமையின் ஈறு ‘ஏன்’ அன்று, ‘அன்’. படர்க்கை ஆண்பாலுக்கோ ‘வாறான், போறான், போயித்தான்’ என ‘ஆன்’ வரும். எனவே ‘நான்’ என்பதற்கும் ‘அவன்’ என்பதற்கும் இடையே நிற்பது கடைசி உயிரின் குறிலும் நெடிலுமே. ‘ஏன்’ என்ற ஒலியையே எதிர்பார்த்துப் பழகிய செவிக்கு இவ்வளவு சிறிய வேறுபாடு பிடிபடாது. ‘அன்’ என்பதைக் கேட்டதும் அதனை ‘ஆன்’ என்று தானே நீட்டிக்கொள்ளும். இதுவே மிகப் பெரும்பாலும் நேரும் பிழை. இது கதிரவெளிக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்திலும் ‘போறன்’ என்பதே வழக்கு.

‘இது கொச்சையன்றோ?’ என்று நம் மாணாக்கர் கேட்கலாம். நன்னூலைப் புரட்டினால், தன்மை ஒருமை ஈறுகளுள் ‘அன்’ என்பதும் எண்ணப்பட்டிருப்பதைக் காண்பர். இடைக்கால நூல்களில் ‘நடந்தனன் யான்’ என்றும் ‘நடந்தனன் அவன்’ என்றும் ஒரே வடிவம் இருவருக்கும் வரக்கூடும். நூல் நடையில் எழுவாயைக் கொண்டே தெளியவேண்டியிருந்த வேறுபாட்டை, ஊர்ப்பேச்சு குறிலாலும் நெடிலாலும் தானே தெளிவாக்கிவிட்டது.

அடுத்து ‘ஒண்ணா’. இச்சொல்லுக்கு இங்கே ‘இயலாது, ஆகாது, கூடாது’ என்பன பொருள். பழைய நூல்களில் வரும் ‘ஒண்ணாது’ என்பதன் ஈறு தேய்ந்த வடிவமே இது. தமிழகப் பேச்சில் ‘ஒன்று’ என்பது ‘ஒண்ணு’ என மாறியதால், அங்கே ‘ஒண்ணா’ என்றால் ‘ஒன்றாக’ எனப் பொருள்படும். ஈழத்துப் பேச்சில் அவ்வாறு மாறவில்லை. இங்கே ‘ன்ற’ என்பது ‘ண்ட’ ஆகும்: ஒன்று, ஒண்டு, மூன்று, மூண்டு, இன்றைக்கு, இண்டைக்கு, என்று, எண்டு. ஆகவே ‘ஒண்டா’ என்பது வேறு, ‘ஒண்ணா’ என்பது வேறு. ஊராருக்கு இவ்விரண்டும் ஒருபோதும் மயங்குவதில்லை. வெளியூர்ச் செவிக்கே மயக்கம்.

இந்த ‘ண்ட’ விதி ஒன்றைக் கைக்கொண்டாலே அன்றாடப் பேச்சின் எத்தனையோ சொற்கள் திறந்துகொள்ளும். ஆயினும் எச்சரிக்கை ஒன்று உண்டு. ‘கன்று’ என்பதும் ‘கண்டு’ ஆகும். ‘மாட்டுக் கண்டு’ என்றால் மாட்டைப் பார்த்து என்பதன்று, மாட்டுக் கன்று. ‘தென்னங்கண்டு’ என்றால் தென்னங்கன்று. மேலும், வீட்டுப் பேச்சில் வழங்கும் சொற்களுக்கே இம்மாற்றம் பொருந்தும். ‘மன்றம்’ முதலாக ஏட்டிலிருந்து பேச்சுக்கு வந்த சொற்கள் ஏட்டில் உள்ளவாறே நிற்கும்.

மூன்றாவதாகப் ‘போயித்தான்’. மட்டக்களப்புப் பேச்சை அடையாளம் காட்டும் வடிவங்களுள் இது ஒன்று. ‘விட்டு’ என்னும் துணைவினை இங்கே ‘இத்து’ என ஒலிக்கும். ‘போய்விட்டு வருகிறேன்’ என்பதை யாழ்ப்பாணத்தார் ‘போட்டு வாறன்’ என்பர். மட்டக்களப்பார் ‘போயித்து வாறன்’ என்பர். கதை எழுதுவோர் சிலர் இதனைப் ‘போயிற்று’ என்றும் எழுதுவதுண்டு. பாடநூல் படித்தவர் அதனை ‘அது போயிற்று’ என்னும் வினைமுற்றாகக் கருதி, வாக்கியம் அங்கேயே முடிந்ததென்று எண்ணிவிடுவார். இத்தவற்றைக் கண்டறிவது எளிது. ‘இத்து’ என்னும் ஒலிக்குப் பின் இன்னொரு வினை தொடர்கின்றதா என்று பார்க்கவேண்டும். தொடர்ந்தால் அது ‘விட்டு’. வாக்கியம் இன்னும் முடியவில்லை. ‘தன், தான்’ என்று இடங்காட்டும் ஈறு பெற்றால் அங்கே முடியலாம்.

எஞ்சியவை தனிச் சொற்கள். இவற்றுக்கு ஒலி விதி உதவாது. கேட்டு அறிந்துகொள்ளவே வேண்டும். ‘அயத்துப் போச்சு’ என்றால் மறந்துபோயிற்று. மறத்தல் என்னும் பொருளில் ‘அயர்த்தல்’ பழைய சொல்லே. ‘மறுகா’ என்றால் மறுபடியும், பிறகு. ‘மனே’ என்பது ‘மகனே’ என்பதன் குறுக்கம். தாம் பெற்ற பிள்ளையை மட்டுமன்றிப் பிறர் பிள்ளையையும் முதியோர் அன்போடு அழைக்கும் விளி. அதனைப் பெயரென்று நினைத்து ‘மனே என்பவர் யார்?’ என்று கேட்கவேண்டியதில்லை. ‘கிறுகு’ என்றால் திரும்பு. வழி கேட்பவருக்கு இச்சொல் முதல் நாளிலேயே வேண்டியிருக்கும்.

செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் 1966இல் இலங்கைத் தமிழைப் பற்றி எழுதியபோது, பேச்சு வழக்குகள் யாவற்றுள்ளும் மட்டக்களப்பு வழக்கே இலக்கிய நடைக்கு மிக அணுக்கமானது என்று கருதினார். அதனிடத்தே குறிப்பிடத்தக்க புதுமைகள் சில தோன்றியிருப்பதையும் அவர் சுட்டாமல் விடவில்லை. நாம் கண்ட எடுத்துக்காட்டில் இவ்விரண்டும் உள்ளன. ஒண்ணா, அயத்து என்பன பழமை. ‘இத்து’ என்பது புதுமை. பழமை என்பதால் எளிதாக விளங்கிவிடும் என்று எண்ணுதல் கூடாது. பாடநூல் இக்காலத்து ஏட்டு நடையைக் கற்பிக்கின்றது. ஊரோ அந்நடை கைவிட்ட சொற்களையும் வைத்திருக்கின்றது.

இனி, பழகும் முறை. ஊரவர் ஒருவரின் இசைவோடு அவர் பேச்சில் அரை நிமிடத்தைக் கைப்பேசியில் பதிந்துகொள்க. அதனைப் பாடநூல் வடிவில் திருத்தாமல், காதில் விழுந்தவாறே எழுதுக. பின்னர் வினைச்சொற்களின் ஈறுகளை மட்டும் கோடிட்டு, ‘அன்’ எத்தனை, ‘ஆன்’ எத்தனை என்று மீண்டும் கேட்டுச் சரிபார்க்க. முதல் முறை எழுதியதும் இரண்டாம் முறை எழுதியதும் மாறுபடும் இடமே செவி இன்னும் பழகாத இடம். ஒலி விதியால் விளங்காத சொற்களைத் தனியே குறித்து, பேசியவரிடமே பொருள் கேட்க.

பேசியவரிடம் ‘மறுபடியும் சொல்லுங்கள்’ என்று மட்டும் கேட்பதில் ஓர் இடர் உண்டு. வெளியூரார் கேட்கிறார் என்றறிந்ததும், பலர் தம் பேச்சை விடுத்துப் பள்ளிக்கூடத் தமிழுக்கு மாறிவிடுவர். அப்போது செய்தி விளங்கும், செவி பழகாது. செய்தியே முக்கியமாயின், மருந்தகத்தில் இருப்பவர் விடையைப் பிரித்துக் கேட்பதே நன்று: “நாளைக்கு வரப்போவது நீங்களா, மகனா?” “நேற்றைக்கு மருந்து குடித்தீர்களா, இல்லையா?” ஈற்றுயிரின் குறில் நெடிலில் தங்கியிருந்த பொருள், இவ்வாறு கேட்டால் முழுச் சொல்லாக வெளிவந்துவிடும்.

கடைசியாக ஒரு வரம்பையும் சொல்லவேண்டும். வெருகலுக்கு அப்பால் திருகோணமலைப் பேச்சு பல கூறுகளில் யாழ்ப்பாணத்தை ஒத்தது. கதிரவெளி எல்லையூர், ஆற்றின் இருகரையிலும் கொண்டு கொடுத்து வாழும் குடும்பங்களில் ஒருவர் ‘போயித்து’ என்றும் மற்றவர் ‘போட்டு’ என்றும் சொல்லக் கேட்டால் வியப்பில்லை. ஆகவே ஊருக்கு ஒரு பட்டியல் எழுதி அதனை எல்லார் வாயிலும் தேடுதல் வீண். எதிரே நிற்பவர் ‘நான்’ என்பதற்கு எந்த ஈற்றை வழங்குகிறார், ‘அவன்’ என்பதற்கு எந்த ஈற்றை வழங்குகிறார் என்பதை முதலில் கவனிக்கவேண்டும். அந்த இரண்டும் காதில் பிரிந்து விழத் தொடங்கினால், மூதாட்டியின் வாக்கியத்தில் வரப்போகிறவர் யார் என்பது கேட்காமலே விளங்கும்.