இரு மடங்கு என்றால் எத்தனை பேர்?

கேள்வி: ஒரு பழக்கத்தால் நோய் வாய்ப்பு இரு மடங்காகும் என்று செய்தி வந்தால், அதை உடனே விட்டுவிட வேண்டுமா?

பதில்: எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று முதலில் பார்க்க வேண்டும். 1995-ல் பிரிட்டனில், புதுவகைக் கருத்தடை மாத்திரையைத் தினமும் சாப்பிட்டால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு இரு மடங்கு என்று எச்சரிக்கை வந்தது. பழைய மாத்திரையில் 7,000 பெண்களில் சுமார் ஒருவருக்கு அது வந்தது; புதியதில் இருவருக்கு. கூடியது ஒருவர்தான். ஆனால் பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். மறு ஆண்டு கருக்கலைப்புகள் ஆயிரக்கணக்கில் கூடின. கர்ப்பகாலத்தில் ரத்தம் உறையும் வாய்ப்பு அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம்.

அதே இரு மடங்கு, 100 பேரில் 10 பேருக்கு வரும் நோயானால் 20 பேராகிவிடும். அது பெரிய ஆபத்து. எதுவானாலும் மருந்தை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.