மாமா ஏன் குரூப் 4 எழுதச் சொல்றார்?

கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கீங்க. இலையில் அப்பளம் விழறதுக்கு முன்னாடி பக்கத்திலிருந்து ஒரு குரல் விழும். “படிப்பு முடியப் போகுதா? பேசாம குரூப் 4 எழுது!” நீங்க படிக்கிறது விஸ்காமா, பயோடெக்கா, அதெல்லாம் அவருக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டார். ‘ஆரம்பிச்சுட்டாருய்யா பிளேடு’ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு, ரசம் வாளி எங்கேன்னு தேடுவீங்க.

நானும் பல வருஷம் ரசம் வாளி தேடினவன்தான். எங்க தாய்மாமா கோயமுத்தூர்க்காரர். எப்போ பார்த்தாலும் ஒரே டயலாக். “கண்ணு, எப்படியாச்சும் கவர்மென்ட்ல ஒட்டிக்கோ.” எனக்கு வேலை கிடைச்ச பிறகும் அதையேதான் சொன்னார். அங்கேதான் எனக்கு உறைச்சது. நம்ம பதில் மாறியும் அட்வைஸ் மாறலைன்னா, அது நம்மைப் பத்தினது இல்லையோ?

அடுத்த தடவை எதிர்த்துப் பேசலை. “நீங்க எழுதினீங்களா மாமா?”ன்னு கேட்டேன். அவ்வளவுதான்.

1990-ல் கிளார்க் பரீட்சைக்கு அப்ளை பண்ணியிருக்கார். ஹால் டிக்கெட்டும் வந்தது. பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதே நாள் காலையில் வீட்டில் முகூர்த்தம். “யாரு கல்யாணம் மாமா?” “உங்கம்மா கல்யாணம்தான்.” தங்கச்சி கல்யாணத்தில் அண்ணன் இல்லாம எப்படி? அடுத்த தடவை பார்த்துக்கலாம்னு விட்டார். அந்த அடுத்த தடவை வரவே இல்லை. ஏதேதோ வேலை பார்த்துட்டு, 1996-ல் ஒரு மில்லில் சேர்ந்தார். 2012-ல் மின்வெட்டு நம்ம ஊரைப் படுத்தின சமயத்தில் அந்த மில் மூடிட்டாங்க.

இப்போ கொஞ்சம் கணக்கு போடுவோம், பயப்படாதீங்க. தனியார் வேலைக்கான பி.எஃப். பென்ஷனில், சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பாங்க. குறைஞ்சது 10 வருஷ சர்வீஸ் வேணும், முழு பென்ஷன் 58 வயசில் கிடைக்கும். மாமா கடைசியா வாங்கினது 8,000 ரூபாய். ஆனா அப்போ கணக்குக்கு எடுத்துக்கிற உச்சவரம்பு 6,500 தான். 6,500-ஐ 16-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தா 1,485 ரூபாய் சொச்சம். ஒரு நாளைக்கு இல்லீங்க, ஒரு மாசத்துக்கு! எதிர்வீட்டுக்காரர் அந்தப் பரீட்சையை எழுதி, தாலுகா ஆபீஸில் கிளார்க்கா சேர்ந்து ரிட்டயர் ஆனவர். அவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன், மேலே பஞ்சப்படி வேற. மாமா தினமும் வாசலில் உட்கார்ந்து பார்க்கிறது அந்த வீட்டைத்தான்.

‘கவர்மென்ட்ல ஒட்டிக்கோ’ன்னா என்ன அர்த்தம்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது. ‘எனக்கு ஆனது உனக்கு ஆகக் கூடாது’ங்கிறதைச் சொல்ல அவர்கிட்ட வேற வாக்கியம் இல்லை. நடு வயசில் அடுத்த தலைமுறைக்கு எதையாவது கொடுத்துட்டுப் போகணும்னு ஒரு தவிப்பு வரும்னு எரிக் எரிக்சன்ங்கிற மனவியலாளர் 1950-லேயே எழுதியிருக்கார். காசு இருக்கிறவங்க காசு கொடுப்பாங்க. மாமாகிட்ட இருந்தது இந்த ஒரு வரிதான்.

அதுக்காக அட்வைஸ் சரின்னு ஆயிடாது, கவனிங்க. மாமா மனசில் இருக்கிறது 1990-ம் வருஷத்து கவர்மென்ட் வேலை. 2003 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சேர்ந்தவங்களுக்கு பென்ஷன் விதியே மாறிப்போச்சு. 2022 குரூப் 4-க்கு விண்ணப்பிச்சவங்க 20 லட்சத்துக்கும் மேல. இதெல்லாம் எதிர்வீட்டு வாசலில் தெரியாது.

இன்னொண்ணு. எல்லா அட்வைஸுக்குள்ளேயும் ஒரு சோகக்கதை ஒளிஞ்சிருக்கும்னு நினைச்சு உருகிடாதீங்க. நாலு பேர் முன்னாடி மட்டும் அட்வைஸ் பண்ணிட்டு, தனியா மாட்டினா பேச்சை மாத்துற சித்தப்பாக்களும் உண்டு. அது வெறும் ஷோ. அங்கே தாராளமா ரசம் வாளியைத் தேடலாம். தேதி, தொகை, ஊர் பேரு எல்லாம் துல்லியமா வந்து விழுந்தா மட்டும் காதைக் கொடுங்க. பட்ட இடத்தைத்தான் மனுஷன் அவ்வளவு துல்லியமா ஞாபகம் வெச்சிருப்பான்.

போன தீபாவளிக்கு மாமாவைப் பார்த்தேன். குரூப் 4 பேச்சே எடுக்கலை. “கண்ணு, உன் கம்பெனிக்காரன் பி.எஃப். ஒழுங்கா கட்டுறானா? பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தியா?”ன்னார். “அதெல்லாம் கட்டுவாங்க மாமா”ன்னேன்.

ராத்திரி சும்மா மொபைலில் பார்த்தேன். மூணு மாசமா கட்டலை.