கணினிப் பக்கம்: இணையப் பக்கம் ஊர்வதற்கு எந்த நீட்சி காரணம்?



கணினி மெதுவாகிவிட்டது என்று சொன்னவுடன் கிடைக்கும் பதில் இரண்டுதான். "லைன் சரியில்லை" என்பார்கள், அல்லது "பழைய மெசின், நினைவகம் கூட்ட வேண்டும்" என்பார்கள். இரண்டாவது பதிலுக்குக் காசு வேண்டும். ஆனால் இரண்டுமே காரணமில்லாமல், உலாவிக்குள் யாரோ எப்போதோ போட்டுவிட்ட ஒரு சின்ன நீட்சி பக்கத்தை இழுத்துப் பிடித்துக் கொண்டிருக்கலாம். அது எது என்று காசு செலவில்லாமல் வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இந்த மாதம் அதைப் பார்ப்போம்.

நீட்சி என்பது எக்ஸ்டென்ஷன். விளம்பரத்தை மறைப்பது, ஆங்கிலப் பிழை திருத்துவது, மொழிபெயர்ப்பது, கடைகளின் விலைக்கழிவைத் தேடித் தருவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. குரோம் உலாவியில் மேலே முகவரி எழுதும் இடத்தில் `chrome://extensions` என்று தட்டினால் உங்கள் கணினியில் எத்தனை இருக்கின்றன என்று தெரியும். பலர் பாவிக்கிற கணினியில் இந்தப் பட்டியலைப் பார்த்தால் "இதை யார் போட்டது?" என்ற கேள்விதான் முதலில் வரும்.

வடமராட்சியில் ஒரு மாதர் சங்கத்தின் கணினியில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஒரு சகோதரி, ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விபரங்களை இணையப் படிவத்தில் பதிந்து கொடுக்கிறார். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் என்று ஒரு படிவத்தில் இருபதுக்கு மேல் கட்டங்கள். எத்தனை பதிவு செய்கிறாரோ அதற்குத்தான் காசு. ஒரு காலை நேரத்தில் 60 பதிவு செய்தவருக்கு, திடீரென்று 40 கூட முடியாமல் போனது. பக்கம் திறக்க நேரம் எடுத்தது. திறந்த பிறகும், அவர் தட்டிய எழுத்து சற்றுப் பிந்தித்தான் திரையில் வந்தது.

இந்தக் கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். பக்கம் திறக்கப் பிந்தினால் லைனைச் சந்தேகிக்கலாம். ஆனால் முழுதாகத் திறந்துவிட்ட பக்கத்தில் தட்டும் எழுத்து பிந்தி வருகிறதென்றால், அது பெரும்பாலும் லைன் அல்ல. நீங்கள் தட்டுகிற எழுத்தைக் கட்டத்தில் காட்டுவது உங்கள் கணினிதான்; அதற்கு இணையம் வேண்டியதில்லை. கணினிக்குள் ஏதோ ஒன்று ஒவ்வொரு எழுத்துக்கும் குறுக்கே நின்று வேலை செய்கிறது என்று அர்த்தம். றவுட்டரை யன்னலடிக்கு மாற்றி வைத்தும் அந்தச் சகோதரிக்குப் பிரயோசனமில்லாமல் போனது அதனால்தான்.

இனிச் சோதனைக்கு வருவோம். குரோமில் ஒருவருடைய நீட்சிகள், சேமித்த கடவுச்சொற்கள், தள நினைவுகள் எல்லாம் சேர்ந்த மூட்டைக்குப் புரொபைல் என்று பெயர். ஒரே கணினியில் இரண்டு மூன்று புரொபைல் வைத்திருக்கலாம். ஒன்றில் இருப்பது மற்றதுக்குள் போகாது. ஆகவே வெறுமையான ஒரு புதுப் புரொபைலைத் திறந்து, அதே பக்கத்தை அங்கேயும் திறந்து பார்த்தால், பிழை பக்கத்திலா மூட்டையிலா என்று தெரிந்துவிடும்.

மேலே வலது மூலையில் இருக்கும் சிறு வட்டப் படத்தை அழுத்தி, `Add Chrome profile` என்பதை எடுங்கள். சில பதிப்புகளில் வெறுமனே `Add` என்றிருக்கும். அடுத்து ஜிமெயில் கணக்கால் உள்ளே போகச் சொல்லும். அங்கே போகாதீர்கள். `Continue without an account` அல்லது `Stay signed out` என்றிருப்பதை அழுத்துங்கள். கணக்கைக் கொடுத்து ஒத்திசைவையும் இயக்கினால், பழைய நீட்சிகள் எல்லாம் வரிசையாகப் புது இடத்துக்கும் வந்து இறங்கிவிடும். பிறகு சோதனைக்கு அர்த்தமில்லை. புரொபைலுக்கு Test என்று பெயர் வைத்துவிட்டு, `chrome://extensions` பக்கத்தைப் பாருங்கள். வெறுமையாக இருக்க வேண்டும். `Google Docs Offline` என்று ஒன்று மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், அது குரோம் தானாக வைப்பது.

மறைநிலைச் சாளரம், அதாவது இன்கொக்னிற்றோ, போதாதா என்று கேட்பீர்கள். அவசரத்துக்கு ஆகும். ஆனால் சில நீட்சிகளுக்கு அங்கேயும் இயங்க அனுமதி கொடுத்திருப்பார்கள், அது நினைவில் இருக்காது. அதோடு, பிறகு ஒவ்வொரு நீட்சியாகப் போட்டுப் பார்க்க வெற்றுப் புரொபைல்தான் வசதி.

இப்போது நேரம் பார்க்க வேண்டும். "கெதியாக வந்த மாதிரி இருந்தது" என்ற கணக்குச் சரிவராது. கைத்தொலைபேசியில் இருக்கும் ஸ்ரொப்வொச் போதும். பழைய புரொபைலில் படிவத்தை மூன்று தரம் திறந்தார்கள்: 20, 22, 21 செக்கன். வெற்றுப் புரொபைலில் நான்கு தரம்: 17, 7, 6, 7 செக்கன். முதல் 17ஐக் கணக்கில் எடுக்கக் கூடாது. புதுப் புரொபைல் அந்தப் பக்கத்தை முன்பு கண்டதில்லை. படங்களையும் மற்றக் கோப்புகளையும் முதலில் இருந்து இறக்க வேண்டும். இரண்டாந் தரத்தில் இருந்து அவை கணினியிலேயே இருக்கும். முதல் தரத்தோடு நிறுத்தியிருந்தால், 20க்கும் 17க்கும் பெரிய வித்தியாசமில்லை என்று கைவிட்டிருப்பார்கள்.

இன்னொரு தரம் பழையதற்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள்: 21. இந்தத் திரும்பிப் போதல் முக்கியம். எங்கள் பக்கத்தில் லைன் மணிக்கொரு குணம். பழையதைப் பார்த்து முடித்த பிறகு லைன் நன்றாகியிருந்தால், புதுப் புரொபைல் காரணமில்லாமல் நல்ல பெயர் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் இத்தோடு நீட்சியைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. வெற்றுப் புரொபைலில் நீட்சிகள் மட்டுமா இல்லை? அந்தத் தளம் சேமித்து வைத்த பழைய தரவுகளும் இல்லை. ஆகவே பழைய புரொபைலுக்குள் போய் எல்லா நீட்சிகளையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். அப்போதும் ஊர்ந்தால் நீட்சிகள் குற்றமற்றவை; அந்தத் தளத்தின் சேமித்த தரவை அழித்துப் பார்க்க வேண்டும். அழித்தால் திரும்பவும் கடவுச்சொல் கேட்கும், அதை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்துக் கணினியில் எல்லாவற்றையும் நிறுத்தியபோது 7 செக்கன் வந்தது. ஆகவே நீட்சிதான். மொத்தம் ஒன்பது இருந்தன.

ஒன்பதையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம். பாதி பாதியாகப் பிரிப்பது கெதி. வீட்டில் ட்ரிப் சுவிச் விழுந்தால் மின்சார வேலை செய்பவர் ஒவ்வொரு லைனாகப் பிரித்துப் பார்ப்பார் அல்லவா, அதே யுக்தி. முதலில் ஐந்தை நிறுத்தி நான்கை விட்டார்கள். பக்கம் இன்னும் ஊர்ந்தது. அப்படியென்றால் குற்றவாளி இயங்குகிற நான்குக்குள். அந்த நான்கில் இரண்டை நிறுத்தினார்கள், பக்கம் கெதியானது. ஆகவே இப்போது நிறுத்திய இரண்டில் ஒன்று. அதில் ஒன்றை இயக்கிப் பார்த்ததும் 21 செக்கன் திரும்பி வந்தது. மூன்று சோதனையில் ஆள் பிடிபட்டது.

ஒவ்வொரு தரமும் நீட்சியை நிறுத்திய பிறகு பக்கத்தைக் கட்டாயம் திரும்பத் திறக்க வேண்டும். நீட்சி பக்கத்துக்குள் ஏற்கெனவே நுழைத்துவிட்ட நிரல், பக்கம் திறந்திருக்கும் வரைக்கும் உள்ளேயே இருக்கும். பொத்தானை நிறுத்திவிட்டு அதே பக்கத்தில் தட்டிப் பார்த்து "இது இல்லை" என்று விட்டால், உண்மையான குற்றவாளியைத் தப்பவிட்டதாகும்.

எல்லோரும் சந்தேகப்பட்டது விளம்பரம் மறைக்கும் நீட்சியை. பிடிபட்டதோ, கடைகளின் விலைக்கழிவைத் தேடித் தருவது. கடையே இல்லாத படிவத்தில் அதற்கென்ன வேலை? அதற்கு எல்லாத் தளங்களிலும் இயங்க அனுமதி இருந்தது. பக்கத்தில் ஒரு மாற்றம் நடந்தால் உடனே முழுப் பக்கத்தையும் திரும்ப வாசித்து, விலை ஏதும் இருக்கிறதா என்று பார்க்கும் வகை அது. இருபது கட்டப் படிவத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு மாற்றம்தானே.

உறுதிப்படுத்த இரண்டு பக்கமும் பார்த்தார்கள். பழைய புரொபைலில் அதை மட்டும் நிறுத்தி மற்ற எட்டையும் இயக்கினார்கள்: 7 செக்கன். Test புரொபைலில் அதை மட்டும் போட்டார்கள்: 19 செக்கன். இரண்டும் ஒத்து வந்தால்தான் முடிவு முடிவு. சில வேளை எந்தப் பாதியை நிறுத்தினாலும் பக்கம் கெதியாக வரும். அப்போது இரண்டு நீட்சிகள் சேர்ந்துதான் தொல்லை கொடுக்கின்றன, உதாரணமாக இரண்டுமே ஒரே எழுத்துக் கட்டத்தைத் திருத்தப் பார்க்கின்றன. அங்கே பாதியாகப் பிரிப்பது உதவாது. வெற்றுப் புரொபைலில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போக வேண்டும்.

கண்டுபிடித்ததை என்ன செய்வது? தேவையான நீட்சி என்றால் அகற்ற வேண்டியதில்லை. `chrome://extensions` பக்கத்தில் அதன் `Details` என்பதைத் திறந்தால், எந்தத் தளங்களில் அது இயங்கலாம் என்று கேட்கும் இடம் இருக்கும். `On click` என்று மாற்றினால் நீங்கள் அழுத்தும்போது மட்டும் இயங்கும். சங்கத்தில் அதை அப்படி வைக்கவில்லை, முழுதாக `Remove` செய்தார்கள். நல்ல முடிவு என்றுதான் சொல்வேன். எல்லாத் தளங்களையும் வாசிக்க அனுமதி பெற்ற நீட்சி, படிவத்தில் பதிகிற அடையாள அட்டை இலக்கத்தையும் வாசிக்க முடியும். மெதுவாவதை விட அது பெரிய விஷயம்.

"போட்டபோது நன்றாகத்தானே இருந்தது" என்பவர்களுக்கு ஒரு நடந்த கதை. The Great Suspender என்றொரு நீட்சி இருந்தது. பாவிக்காத பக்கங்களை உறங்க வைத்து, பழைய கணினிகளைக் கெதியாக்குவதுதான் அதன் வேலை. பல இலட்சம் பேர் நம்பிப் பாவித்தார்கள். 2020இல் அதை உருவாக்கியவர் வேறொருவருக்குக் கைமாற்றினார். 2021 பெப்ரவரியில், அதில் தீய நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை எல்லோருடைய கணினியிலும் முடக்கியது. நீட்சிகள் உங்களைக் கேட்காமலே புதுப்பித்துக்கொள்ளும். நேற்று நல்லதாக இருந்த ஒன்று இன்றைக்கு வேறொருவருடையதாக இருக்கலாம்.

பயர்பொக்ஸ் பாவிப்பவர்கள் `about:profiles` என்று தட்டினால் புதுப் புரொபைல் உருவாக்கும் பக்கம் வரும். மற்றதெல்லாம் இதே முறைதான்.

சோதனை முடிந்ததும் Test புரொபைலை அழித்துவிடுங்கள். அதற்குள் நீங்கள் கடவுச்சொல் கொடுத்து உள்ளே போயிருப்பீர்கள். அடுத்ததாக வந்து உட்காருபவருக்கு அந்தப் படிவம் திறந்தபடி கிடைக்கக் கூடாது. வட்டப் படத்தை அழுத்தி, புரொபைல்களைக் காட்டும் சாளரத்தில் Test என்பதற்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தினால் `Delete` வரும். பழைய புரொபைலின் பெயரை ஒரு தரம் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.