பங்கின் விலையும் நிறுவனத்தின் பருமனும்

லா கூர்னெவ்விலும் லா சப்பலிலும் வாழும் எம்மவரிற் பலர் ஈ.டி.எவ் நிறுவனத்தின் மின்கட்டணச் சீட்டை அறிவர். நாடெங்கும் மின்சாரம் வழங்கும் அந்நிறுவனம், பிரான்சின் 40 முதன்மை நிறுவனங்களைக் கொண்ட 'காக் 40' சுட்டெண்ணிலிருந்து 2015 டிசம்பரில் நீக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்தது கிளேபியேர். கிறெத்தேய் சொலெய் போன்ற கடைத்தொகுதிகளின் உரிமையாளர் அது. ஈ.டி.எவ்வின் பாதி மதிப்புக் கூட இல்லாத நிறுவனம் எவ்வாறு உள்ளே வந்தது?

ஒரு நிறுவனத்தின் சந்தைப் பெறுமதியைக் காண்பது இலகு. மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையை ஒரு பங்கின் அன்றைய விலையாற் பெருக்க வேண்டும். அப்போது ஈ.டி.எவ்வுக்கு ஏறத்தாழ 190 கோடி பங்குகள்; விலை ஏறத்தாழ 14 யூரோ. பெறுமதி 2,660 கோடி யூரோ. கிளேபியேருக்கு 31 கோடி பங்குகள். விலை 40 யூரோ அளவில். பெறுமதி 1,240 கோடி யூரோ.

ஆனால் சுட்டெண்ணைக் கணிப்போர் இத்தொகையோடு நிற்பதில்லை. விற்கவும் வாங்கவும் கூடிய பங்குகளை மட்டுமே அவர்கள் எண்ணுகின்றனர். 2003 டிசம்பர் முதல் காக் 40 இந்த முறையிலேயே இயங்குகின்றது. ஈ.டி.எவ்வின் பங்குகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு அரசின் கையில் இருந்தது. அவை சந்தைக்கு வருவதில்லை. எஞ்சிய 15 விழுக்காட்டின் பெறுமதி 400 கோடி யூரோ மாத்திரமே. கிளேபியேரிலோ, பெரும் பங்குதாரர் இருவரின் பகுதியைக் கழித்த பின்னரும் 800 கோடிக்குக் குறையாமல் எஞ்சியது. கணக்கு இப்போது தலைகீழாகி விட்டது.

சுட்டெண்ணுக்குப் பொறுப்பான குழு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூடுகின்றது. இந்தப் பெறுமதியோடு, கடந்த 12 மாதங்களில் எவ்வளவு பங்குகள் கைமாறின என்பதையும் அது பார்க்கின்றது. ஆகவே நீக்கம் என்பது நிறுவனம் முறிந்துவிட்டது என்பதன் அறிவித்தல் அல்ல. ஆயினும் காக் 40 ஐப் பின்பற்றும் நிதியங்கள் நீக்கப்பட்ட பங்கை விற்றே ஆகவேண்டும். அதனால் விலை சில நாட்கள் தளம்பக் கூடும்.

விலையை மட்டும் பார்த்து 'மலிவு' என்று கூறித் தரகர்கள் எம்மிடம் வருகின்றார்கள். அவர்களிடம் பங்குகளின் எண்ணிக்கையைக் கேளுங்கள். 2005 நவம்பரில் ஈ.டி.எவ் சந்தைக்கு வந்தபோது பொதுமக்களுக்கான விலை 32 யூரோ. 2023 இல் அரசு மீதிப் பங்குகளையும் வாங்கி அதைச் சந்தையிலிருந்து அகற்றியபோது கொடுத்த விலை 12 யூரோ. பாதிக்கும் கீழே வீழ்ந்தது விலை. மொத்தப் பெறுமதியோ அந்த அளவுக்கு வீழவில்லை; இடையில் புதிய பங்குகள் வெளியிடப்பட்டு எண்ணிக்கை ஏறத்தாழ இருமடங்காகி இருந்தது. 32 யூரோவுக்கு வாங்கியவருக்கு அந்த மொத்தப் பெறுமதி ஆறுதல் தராது என்பதும் உண்மையே. பங்குகளின் எண்ணிக்கையும், எவரிடம் எத்தனை விழுக்காடு உண்டு என்பதும் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அச்சிடப்பட்டிருக்கும்.